வாடிக்கைக்காரர் அழைத்து வரும் வாடிக்கைக்காரர்
நேர்மையான வெகுமதி அறிவிப்பு எழுதும் முறை



கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலாயினும், பினாங்குக் கடைத்தெருவிலாயினும் கல்லாவில் அமர்ந்திருப்போர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் புதுமுகம் ஒருவரைக் கூட்டி வந்து, "இவர் எனக்கு வேண்டியவர். எனக்குக் கொடுப்பது போலவே இவருக்கும் கொடுங்கள்" என்பார். நாம் சிரித்துத் தலையசைத்துத் துணியை விரிப்போம். அந்த நொடியில் அவர் தம் பெயரை நம் சரக்குக்குப் பிணையாக வைத்துவிட்டார் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாளை சாயம் போனாலும், அளவு குறைந்தாலும், நமக்கு விழும் ஏச்சில் பாதி அவருக்கும் விழும்.

இப்பொழுது பல கடைகளில், "நண்பரை அழைத்து வாருங்கள், பரிசு பெறுங்கள்" என்ற அறிவிப்பைக் கடை முகப்பில் ஒட்டுகின்றனர். கைபேசியில் வாட்ஸ்அப் வழியாகவும் அனுப்புகின்றனர். இது கூடாத காரியம் அன்று. ஆனால் என்ன பரிசு, எப்போது, எந்த நிபந்தனையில் என்று எழுதாமல் விட்டுவிடுவதால் கெடுகிறது. மூன்று பேரை அழைத்து வந்தவர் கல்லாவில் வந்து கேட்கும்போது, "அது போன மாதத்தோடு முடிந்துவிட்டதே" என்று சிப்பந்தி சொன்னால், அந்த ஒருவரோடு அவர் அழைத்து வந்த மூவரும் போய்விடுவர். எனவே இந்த அறிவிப்பை எழுதுவதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். கணக்கு வேண்டுமாதலால் ஒரு நடுத்தரத் துணிக்கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்திற்கே; ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டிலுள்ள தொகையை அவ்விடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும்.

வெகுமதி எவ்வளவு?

பக்கத்துக் கடைக்காரர் 20 வெள்ளி கொடுக்கிறார் என்பதற்காக நாம் 25 வெள்ளி என்று எழுதுவது கணக்காகாது. வெகுமதி நம் லாபத்திலிருந்து வர வேண்டும். ஆகவே புதிய வாடிக்கைக்காரர் ஒருவர் நமக்கு ஓராண்டில் எவ்வளவு மிச்சம் தருகிறார் என்பதை முதலில் அறிய வேண்டும்.

நம் உதாரணக் கடையில் புதிதாக வருபவர் சராசரி 200 வெள்ளிக்கு வாங்குகிறார். துணியின் கொள்முதல், பை, கார்டுக் கட்டணம் முதலிய, விற்றால் மட்டுமே ஏற்படும் செலவுகளைக் கழித்தால், நூற்றுக்கு 25 மிஞ்சுகிறது. கடை வாடகையும் சம்பளமும் இந்த மிச்சத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது. ஆக ஒரு பில்லுக்கு மிச்சம் 50 வெள்ளி. புதியவர் 10 பேரில் நால்வர் அவ்வாண்டிலேயே மேலும் இரண்டு முறை வருகின்றனர் என்று பேரேடு காட்டுகிறது. முதல் 10 பில்லில் 500 வெள்ளி, திரும்ப வந்தோரின் 8 பில்லில் 400 வெள்ளி, மொத்தம் 900 வெள்ளி. தலைக்கு 90 வெள்ளி.

இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். "தலைக்கு 90 வெள்ளி வருகிறது, அழைத்து வந்தவருக்கு 30, வந்தவருக்கு 30 கொடுத்தாலும் 30 மிஞ்சுமே" என்று எண்ணுகின்றனர். ஆனால் அறிவிப்பே இல்லாத காலத்திலும் நண்பர் சொல்லிச் சிலர் வந்துகொண்டுதான் இருந்தனர். அவர்களுக்கும் இப்போது வெகுமதி கொடுக்கிறோம். அவர்களால் நமக்குப் புதிதாய்க் கிடைத்தது ஒன்றுமில்லை.

இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அறிவிப்பை வெளியிடுமுன் ஒரு மாதம், புதிதாக வருவோர் ஒவ்வொருவரிடமும், "நம் கடையை எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு, ஒரு நோட்டில் கோடு போட்டு வர வேண்டும். அம்மாதம் நண்பர் சொல்லி வந்தவர் 4 பேர். அறிவிப்புக்குப் பின் ஒரு மாதத்தில் 10 பேர் என்றால், அறிவிப்பினால் வந்தவர் 6 பேர் மட்டுமே. நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாதத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்; இரண்டும் ஒரே மாதிரியான மாதங்களாய் இருக்க வேண்டும்.

இனிக் கணக்கைத் திரும்பப் போடுவோம். அந்த 6 பேரால் வரும் மிச்சம் 540 வெள்ளி. வெகுமதியோ 10 பேருக்கும் கொடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் சேர்த்துத் தலைக்கு 60 வெள்ளி என்றால் 600 வெள்ளி செலவு. 60 வெள்ளி நஷ்டம். 54 வெள்ளியில் வரவும் செலவும் சரியாகிவிடும். அதற்கு மேல் போகவே கூடாது. இருவருக்கும் பத்துப் பத்தாக 20 வெள்ளி என்றால் செலவு 200 வெள்ளி. 340 வெள்ளி மிஞ்சும். இந்த உதாரணக் கடைக்கு அதுவே தக்க அளவு. கை தாங்காத வெகுமதியை அறிவித்தவர், பின்னர் அதைக் கொடுக்காமலிருக்கக் காரணம் தேடுவார். அல்லது விலையை ஏற்றி அதை ஈடு செய்வார். விலை ஏறினால், பழைய வாடிக்கைக்காரர் பெறும் வெகுமதியை அவரே கொடுத்ததாக ஆகிவிடும்.

வெகுமதியை ரொக்கமாகக் கொடுப்பதா, சரக்கில் கழிப்பதா என்றும் கேட்கலாம். கடைக்காரருக்குச் சரக்கில் கழிப்பது சுலபம். ஆனால், "10 வெள்ளிச் சரக்கின் அசல் குறைவுதானே" என்று செலவைக் குறைத்து எழுதிக்கொள்ள வேண்டாம். வெகுமதி இல்லாவிட்டாலும் அவர் அத்துணியை ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கக்கூடும். ஆகவே 10 வெள்ளியை 10 வெள்ளியாகவே எழுதுவது பத்திரம்.

யாருக்கு, எப்போது?

குறித்த வேலையை முடிப்பவருக்கு இன்ன வெகுமதி என்று முன்கூட்டி அறிவிப்பதை ஃபிக்ஹு நூல்கள் ஜுஆலா என்று கூறும். நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமைத் தானியம் என்று அறிவிக்கப்பட்டது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் முறைப்படி வெகுமதி இன்னதென்று அறியப்பட்டிருக்க வேண்டும். அறியப்படாத வெகுமதி செல்லாது, அவ்வேலைக்கு வழக்கமான கூலி கொடுக்க வேண்டியதாகும். வேறு மத்ஹபைச் சார்ந்தோர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நன்று. "கவர்ச்சிகரமான பரிசு உண்டு" என்று மட்டும் எழுதுவது ஏன் தவறு என்பதற்கு நமக்கு இதுவே போதுமான விளக்கம்.

வேலை எப்போது முடிந்ததாகும்? நண்பர் கடைக்குள் காலெடுத்து வைத்தாலா, பணம் கொடுத்தாலா, துணியை மாற்றிக்கொள்ளும் தவணை கழிந்தாலா? இதை அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். நம் உதாரணக் கடையில் 7 நாளுக்குள் துணியைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே நண்பருக்குரிய 10 வெள்ளியை அவருடைய முதல் பில்லிலேயே கழித்துவிடலாம். அழைத்து வந்தவருக்குரிய 10 வெள்ளியை 8-ஆம் நாள் வரவு வைக்க வேண்டும். நண்பர் எல்லாவற்றையும் திருப்பிவிட்டால் வெகுமதி இல்லை. ஒரு பகுதியைத் திருப்பி, மிஞ்சியது குறித்த தொகைக்குக் குறையாமலிருந்தால் வெகுமதி உண்டு.

குறைந்தபட்ச பில் தொகையும் வேண்டும். 100 வெள்ளி பில்லில் மிச்சம் 25 வெள்ளி. இரு வெகுமதியும் போக 5 வெள்ளி நிற்கும். 60 வெள்ளி பில்லில் மிச்சம் 15 வெள்ளிதான். அதில் 20 வெள்ளி கொடுத்தால் கையைக் கடிக்கும். எனவே 100 வெள்ளி என்று எல்லை வைக்கிறோம். இந்த எல்லையை எழுதாமல் விட்டு, கல்லாவில் வந்தபின் சொல்வதுதான் மோசம்.

பெரியவர் சிலர் வெகுமதி என்றதும் முகம் சுளிப்பர். "தங்கச்சி மருமகனைக் கூட்டி வந்ததற்கு எனக்குக் கூலியா?" என்பர். அவர்கள் மனம் நியாயமானதே. அத்தகையோர்க்கு, தம் பங்கையும் நண்பருக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு வாசகம் சேர்த்தால் போதும்.

அறிவிப்பின் வாசகம்

இனி மாதிரி அறிவிப்பு ஒன்றைக் காண்போம். இதை அப்படியே கடைச் சுவரிலும் ஒட்டலாம், வாடிக்கைக்காரரின் கைபேசிக்கும் அனுப்பலாம்.

"நம் கடையின் வாடிக்கையாளர்களுக்கு ஸலாம். நம் துணி உங்களுக்குத் திருப்தி அளித்திருந்தால், அதைத் தெரிந்தவரிடம் கூறுங்கள். திருப்தி இல்லையேல் முதலில் எங்களிடம் கூறுங்கள். கல்லாவில் உங்கள் பெயருக்கு எண்ணிட்ட சீட்டு கொடுப்போம். இதுவரை நம்மிடம் வாங்காத ஒருவர் அச்சீட்டோடு வந்து 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், அவருக்கு அந்தப் பில்லிலேயே 10 வெள்ளி கழிப்போம். 8-ஆம் நாள் உங்கள் கணக்கில் 10 வெள்ளி வரவு வைப்போம். அதை 6 மாதத்திற்குள் எந்தச் சரக்கு வாங்கும்போதும் கழித்துக்கொள்ளலாம், ரொக்கமாகத் தருவதில்லை. உங்கள் பங்கையும் நண்பருக்கே தர விரும்பினால் சீட்டு வாங்கும்போது கூறுங்கள். அவருக்கு 20 வெள்ளி கழிப்போம். ஒருவர் 5 பேர் வரை அழைக்கலாம். ஒரே வீட்டாரும், கடைச் சிப்பந்திகளும் இதில் சேரார். இத்திட்டம் இன்ன தேதி முதல் 3 மாதம் நடக்கும். அதற்குள் கொடுத்த சீட்டுகள் மேலும் 30 நாள் செல்லும்."

நண்பர் கையிலுள்ள சீட்டில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "இச்சீட்டைத் தந்தவருக்கும் கடையிலிருந்து 10 வெள்ளி கிடைக்கும்." இதை எழுதச் சில முதலாளிகள் தயங்குவர். "வெகுமதிக்காகத்தான் சொல்கிறார் என்று நண்பர் நினைத்துவிட்டால்?" என்பர். ஆனால் பின்னால் அவர் தாமாகவே அறிந்தால் என்ன நினைப்பார்? பிணை நின்றவர் மறைவில் கூலி வாங்கினார் என்றுதானே? நம் வெகுமதியால் இரு நண்பர்களுக்கிடையே சந்தேகம் உண்டாகக் கூடாது. இந்த ஒரு வரி வாடிக்கைக்காரரின் மானத்தைக் காப்பது. இருவருக்கும் சமத்தொகை என்பதும் இதனாலேயே. "எனக்குக் கிடைப்பதே உனக்கும்" என்று அவர் கூசாமல் சொல்லலாம்.

வாசகத்தின் மற்றொரு பகுதியையும் கவனிக்க வேண்டும். நம்மைப் புகழ்வதற்கு வெகுமதி என்று அதில் எங்கும் இல்லை. நண்பர் வந்து வாங்கியதற்கே வெகுமதி. "நல்லபடியாக எழுதினால் 10 வெள்ளி" என்று கேட்பது, பணம் கொடுத்துச் சாட்சி வாங்குவதற்கு ஒப்பாகும். நிறை குறை இரண்டையும் சொல்ல அவருக்கு உரிமை இருக்க வேண்டும்.

நண்பரின் டெலிபோன் எண்

"நண்பர்கள் ஐவரின் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்" என்று கேட்கும் கடைகள் உண்டு. இது வேண்டாம். அந்த எண் வாடிக்கைக்காரருடையது அன்று, நண்பருடையது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சிங்கப்பூரில் அதே பொருளில் 2012-ஆம் ஆண்டின் சட்டமும் வணிகத்திற்காக ஒருவருடைய விவரத்தைப் பெற்று வைப்பதை அவர் சம்மதத்தோடு கட்டிவைக்கின்றன. சிங்கப்பூரில் விளம்பர அழைப்பு வேண்டாதோர் தம் எண்ணைப் பதிந்துகொள்ளும் பதிவேடும் 2014 முதல் நடப்பில் உள்ளது.

சீட்டு முறையில் இந்தத் தொல்லையே இல்லை. சீட்டை நண்பரிடம் சேர்ப்பவர் வாடிக்கைக்காரர். வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் நண்பர். வந்தபின், செய்தி அனுப்பலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

எங்கே கெடும்? எப்படிக் கண்டுகொள்வது?

முதலாவது, கடைக்குள்ளேயே கெடலாம். சீட்டில்லாமல் தாமாக வந்த புதியவரின் பில்லில், கல்லாச் சிப்பந்தி தமக்கு வேண்டியவரின் சீட்டு எண்ணை எழுதிவிட இடமுண்டு. இதைக் கண்டுகொள்ள வாரம் ஒரு முறை சீட்டுகளைப் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் அடுத்தடுத்துச் சீட்டுகள், மடிப்பே விழாத புதுச் சீட்டுகள், ஒரே சிப்பந்தியின் வேளையில் மட்டும் அதிகச் சீட்டுகள் என்பன அடையாளம். உடனே குற்றம் சுமத்தலாகாது. பெரிய குடும்பத்தார் ஒருவர் ஒரே நாளில் நால்வரை அனுப்பியிருக்கவும் கூடும். சீட்டு பில் போடுமுன்பே காட்டப்பட வேண்டும் என்ற விதியும், சீட்டின் மூலத்தைப் பில்லோடு குத்தி வைப்பதும் பெரும்பாலான சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது, இருவர் ஒரே நண்பருக்கு உரிமை கேட்பது. "நான்தான் முதலில் சொன்னேன்" என்று இருவரும் சொல்வர். இருவரும் உண்மையே சொல்லக்கூடும். நண்பர் கையில் எந்தச் சீட்டு இருந்ததோ அவருக்கே வெகுமதி என்று முன்பே சொல்லிவைத்தால் நாம் நீதிபதியாக வேண்டியதில்லை.

மூன்றாவது, கடனை மறப்பது. வரவு வைத்த 10 வெள்ளி நாம் பட்ட கடன். மாதம் 10 பேர் வீதம் 3 மாதத்தில் 300 வெள்ளி வரை சேரும். அதற்குப் பேரேட்டில் "கொடுக்க வேண்டியது" என்று தனிப் பக்கம் வேண்டும். 6 மாதத் தவணை முடிய 30 நாள் இருக்கும்போது, இன்னும் கழிக்காதவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வாடிக்கைக்காரர் மறந்துபோவதை லாபமாக எண்ணும் கடையில் வெகுமதி வெறும் தூண்டில் ஆகிவிடும்.

நான்காவது, நடுவில் நிறுத்துவது. கணக்குக் கட்டவில்லையேல் புதுச் சீட்டு கொடுப்பதை நிறுத்தலாம், அதில் தவறில்லை. கொடுத்துவிட்ட சீட்டை மறுக்க மட்டும் கூடாது. எழுதிய தேதி வரை நஷ்டத்தோடாவது செல்லவிட வேண்டும். கணக்கை முன்பே சரியாகப் போட்டவருக்கு அந்த நஷ்டம் சிறிதாகவே இருக்கும்.

சங்கிலி ஆகாது

அழைத்து வரப்பட்டவர் தாமும் ஒரு வாடிக்கைக்காரராகிப் பிறரை அழைக்கலாம். அதற்கு அவருக்கு வெகுமதி உண்டு. ஆனால் அவர் அழைத்தவருக்காக, முதலில் அவரை அழைத்தவருக்கும் பங்கு என்று சொல்லத் தொடங்கினால் காரியம் வேறாகிவிடும். அப்பால் துணி விற்பதைவிட ஆள் சேர்ப்பதிலேயே நாட்டம் செல்லும். சேர்வதற்குப் பணம் கட்டச் சொல்லும் நிலையும் வரும். கடைசியில் சேர்ந்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. மலேசியாவில் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்டத் தடைச் சட்டமும், சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டின் பிரமிட் விற்பனைத் தடைச் சட்டமும் இத்தகைய திட்டங்களைத் தடுப்பதற்கே உள்ளன. நம் எல்லை தெளிவாக இருக்கட்டும்: ஒரு படி மட்டும், சேரக் கட்டணம் இல்லை, உண்மையாகச் சரக்கு விற்றால் மட்டுமே வெகுமதி. ஐவருக்கு மேல் அழைத்து வரும் திறமை ஒருவருக்கு இருந்தால், அவர் தரகராகவே வேலை செய்கிறார் என்று பொருள். அவருடன் தனியாகப் பேசிக் கூலி நிர்ணயித்து எழுதிக்கொள்வதே முறை.

வாசகர் செய்து பார்க்க

இம்மாதம் அறிவிப்பு எதையும் வெளியிட வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக் கல்லாவில் வைத்து, புதிதாக வந்தோர் எத்தனை பேர், அவர்களில் நண்பர் சொல்லி வந்தோர் எத்தனை பேர் என்று மட்டும் குறித்து வாருங்கள். சென்ற ஆண்டின் பில்களைப் புரட்டி, புதியவரின் முதல் பில் சராசரி எவ்வளவு, 10 பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்று பாருங்கள். இவை கைக்கு வந்தால், மேலே கண்ட 54 வெள்ளியின் இடத்தில் உங்கள் கடையின் எல்லை எது என்பது தெரிந்துவிடும். அதில் பாதிக்கும் கீழே நின்று வெகுமதியைக் குறித்து, வாசகத்தை எழுதி, கடையில் வாங்கும் ஒரு மூதாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். "எனக்கு என்ன, அவளுக்கு என்ன, எப்போது?" என்ற மூன்று கேள்விக்கும் அவர் உங்களைக் கேளாமலே விடை சொல்லிவிட்டால், அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டலாம்.